ஒரே நாளில் ஒரு குடும்பக் கதை: ஷாட் லிஸ்ட், ஸ்டோரிபோர்டு போடுவது எப்படி

ஒரு வீடு, இரண்டு நடிகர்கள், ஐந்து பக்க ஸ்கிரிப்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் குறும்படம் எடுக்கிறவர்களில் பலருக்குக் கையில் இருப்பது இவ்வளவுதான். என் முதல் படத்துக்கு நான் 41 ஷாட் எழுதிக்கொண்டு போனேன். மாலை ஐந்தரைக்கு வெளிச்சம் போனபோது 22 முடிந்திருந்தது. விடுபட்டவற்றில் படத்தின் கடைசி க்ளோசப்பும் ஒன்று. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது, மகன் தட்டு கழுவுவதற்கு மூன்று ஆங்கிள் இருந்தது, அம்மா அழுவதற்கு ஒன்றுகூட இல்லை. நான் எழுதிக்கொண்டு போனது ஆசைகளின் பட்டியல். எது இல்லாவிட்டால் கதை விழும், எது எவ்வளவு நேரம் தின்னும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த இரண்டையும் காகிதத்திலேயே முடிவு செய்வது எப்படி என்பதை ஒரு சின்னக் கதையை வைத்துச் சொல்கிறேன்.

அம்மா இறந்து ஒரு வருடம் ஆன வீடு. அப்பா தனியாக இருக்கிறார். பெங்களூரிலிருந்து மகள் வந்திருக்கிறாள், வீட்டை விற்றுவிட்டு அப்பாவைக் கூட்டிப் போக. முதல் காட்சி, காலை, ஹால்: அப்பா அம்மாவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுகிறார். மகள் பையை இறக்கும்போது அதன் வார் அறுந்திருப்பது தெரிகிறது. இரண்டாவது காட்சி, மதியச் சாப்பாடு: வீட்டை விற்கும் பேச்சு வருகிறது, அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறார். மூன்றாவது காட்சி, மாலை, திண்ணை: அப்பா அவள் பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார். வார் தைக்கப்பட்டிருக்கிறது. அவள் அந்தத் தையலைத் தடவிப் பார்க்கிறாள். அவ்வளவுதான் படம்.

முதலில் ஸ்கிரிப்டில் பென்சில்

ஷாட் டிவிஷன் என்றதும் லாங், மிட், க்ளோசப் என்று எழுதத் தொடங்காதீர்கள். காட்சியை மூன்று தடவை படித்துவிட்டு, அது எந்த இடத்தில் திரும்புகிறது என்று மட்டும் குறியுங்கள். இரண்டாவது காட்சியின் நடுப்பகுதி இப்படி இருக்கிறது:

மகள்: இன்னும் கொஞ்சம் ரசம்?
அப்பா: போதும்மா.
மகள்: வீட்டைப் பாக்க ஞாயித்துக்கிழம ஒருத்தர் வர்றாருப்பா.
(அப்பாவின் கை நிற்கிறது.)
அப்பா: யாரைக் கேட்டு?
மகள்: நீங்க இங்க தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க?
அப்பா: தனியா இருக்கேன்னு யாரு சொன்னா?
(எழுந்து கை கழுவப் போகிறார். மகள் தையல் மெஷினைப் பார்க்கிறாள்.)

இதில் திருப்பம் மூன்று. சோறு பிசையும் கை நிற்பது ஒன்று. "தனியா இருக்கேன்னு யாரு சொன்னா?" என்பது இரண்டு. தனியாக உட்கார்ந்து அவள் மெஷினைப் பார்ப்பது மூன்று. ரசம் ஊற்றுவது திருப்பம் இல்லை, அங்கே போவதற்கான வழி. ஆகவே ரசத்துக்குத் தனி ஷாட் வேண்டாம், அது வைடு ஷாட்டிலேயே வந்துவிடும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் "இந்த நொடியில் பார்ப்பவர் யார் முகத்தை, அல்லது எந்தப் பொருளைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டு, பதிலை ஓரத்தில் எழுதுங்கள். கை, அப்பா முகம், மகள் முகம், மெஷின். க்ளோசப்புகள் தானாகவே வந்துவிட்டன, பாருங்கள்.

அப்புறம் ஸ்கிரிப்டின் மேலேயே செங்குத்தாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கோடு. அந்த ஷாட் எந்த வசனத்தில் தொடங்கி எதில் முடிகிறதோ, கோடும் அங்கே தொடங்கி அங்கே முடிய வேண்டும். எந்தக் கோடும் படாத வரி இருந்தால் அதை எடுக்க மறந்துவிட்டீர்கள். ரசம் கேட்கும் வரியின் மேல் நான்கு கோடு ஓடினால் நேரத்தைக் கொட்டுகிறீர்கள். திருப்பம் உள்ள வரியில் மட்டும் இரண்டு கோடாவது இருக்கட்டும். எடிட்டருக்கு வெட்ட ஓர் இடம் வேண்டும்.

அடுத்தது பேப்பரில் வீடு

இனி லொக்கேஷனுக்கு ஒரு டேப்போடு போக வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அறையை அளக்காமல் எழுதும் ஷாட் லிஸ்ட் பாதி பொய்யாகிவிடும்.

நம் கதை வீடு கிழக்கு பார்த்தது. ஹால் பத்துக்குப் பதினாலு அடி. கிழக்குச் சுவரில் வாசலும் ஜன்னலும், மேற்குக் கோடியில் சமையலறைக் கதவு. மெஷின் ஜன்னலோரம். அப்பாவும் மகளும் ஹாலின் நடுவே தரையில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்: அப்பா வடக்கில், மகள் தெற்கில். மேலிருந்து பார்ப்பதுபோல இதை ஒரு தாளில் வரையுங்கள். நடிகர்களுக்கு இரண்டு வட்டம், அவர்கள் பார்க்கும் திசைக்கு வட்டத்தில் ஒரு மூக்கு, கேமராவுக்கு ஒரு முக்கோணம். படம் வரையத் தெரியாதவரும் வரைந்துவிடலாம். என்னைக் கேட்டால் ஸ்டோரிபோர்டைவிட முக்கியமான தாள் இதுதான்.

இருவருக்கும் நடுவே ஒரு கோட்டை இழுங்கள். சினிமாக்காரர்கள் இமேஜினரி லைன் என்று சொல்வது இதைத்தான். கேமரா முழுக் காட்சிக்கும் இந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில், நம் விஷயத்தில் சமையலறைப் பக்கம், இருக்க வேண்டும். அப்போது ஃபிரேமில் அப்பா எப்போதும் வலது பக்கம் பார்ப்பார், மகள் இடது பக்கம் பார்ப்பாள். வெட்டி ஒட்டினால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதாகத் தெரியும். ஒரு ஷாட்டை மட்டும் ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்தால், அந்த இடத்தில் இருவரும் ஒரே திசையில் யாரோ மூன்றாவது ஆளைப் பார்ப்பதுபோல ஆகிவிடும். செட்டில் இது கண்ணுக்குப் படாது, எடிட்டிங்கில்தான் தெரியும். ஆகவே முக்கோணங்கள் எல்லாம் கோட்டின் ஒரே பக்கம் இருக்கின்றனவா என்று தாளிலேயே பார்த்துவிடுங்கள்.

சமையலறைக் கதவில் கேமராவை வைத்தால் இன்னொன்றும் கிடைக்கிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே, பின்னால் ஜன்னலோரம், அம்மாவின் மெஷின் தெரியும். இப்படிப்பட்டது நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் வராது, அந்த வீட்டில் போய் நின்றால் வரும்.

லென்ஸையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா என்று வைத்துக்கொள்வோம். கதவிலிருந்து நடிகர்கள் எட்டு, எட்டரை அடி தூரம். 24 எம்எம் போட்டால் இரண்டரை மீட்டர் அகலம் தெரியும், இருவரும் தாராளமாக வருவார்கள். 50 எம்எம் என்றால் ஒன்றேகால் மீட்டர்கூட வராது, யாரோ ஒருவர் வெட்டுப்படுவார். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரை எடுக்கும் சஜஷன் ஷாட்டுக்கு 50 பொருத்தம். ஆனால் ட்ரைபாட் கால் விரிய அவர்கள் முதுகுக்குப் பின்னால் மூன்றடி வெற்றிடம் வேண்டும். இன்னொரு விஷயம்: தரையில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் சுமார் இரண்டரை அடி. சாதாரண ட்ரைபாட் பல அந்த உயரத்துக்கு இறங்காது. குட்டை ட்ரைபாட் வேண்டும் என்று இப்போதே எழுதிவிட்டால் காலையில் தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை.

இப்போது ஷாட் லிஸ்ட்

ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண், அளவு, எங்கிருந்து, எந்த வசனம் முதல் எது வரை, ஒலி வேண்டுமா, குறிப்பு, கட்டாயமா இல்லையா. இவ்வளவு போதும். இரண்டாவது காட்சி இப்படி வரும்:

2-1. வைடு மாஸ்டர். சமையலறைக் கதவு, 24 எம்எம், தாழ்வாக. முழுக் காட்சி. சிங்க் சவுண்ட், அதாவது வசனம் அங்கேயே பதிவாக வேண்டும். பின்னால் மெஷின், அதில் பை தொங்க வேண்டும். கட்டாயம்.

2-2. அப்பா, மகளின் தோள் வழியே சஜஷன், 50 எம்எம். "ஞாயித்துக்கிழம" முதல் அவர் எழுந்து போகும் வரை. கட்டாயம்.

2-3. அப்பாவின் கை, இன்சர்ட், அதாவது ஃபிரேமில் கை மட்டும். பிசைந்துகொண்டிருக்கும் கை நிற்கிறது. ஒலி வேண்டாம். கட்டாயம்.

2-4. மகள், அப்பாவின் தோள் வழியே சஜஷன். "இன்னும் கொஞ்சம் ரசம்?" முதல் "யாரு சொன்னா?" வரை.

2-5. மகள் க்ளோசப், தனியாக. "என்ன பண்ணப் போறீங்க?" முதல் காட்சி முடிவு வரை. பார்வை குறிப்பு: அப்பா கேமராவுக்கு வலப்புறம் வெளியேறுகிறார், அவள் கண் வலது வரை போய், பிறகு இடது பக்கம் மெஷினுக்குத் திரும்புகிறது. கட்டாயம்.

2-6. மெஷினும் அறுந்த வாரோடு தொங்கும் பையும், அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து. ஒலி வேண்டாம். கட்டாயம்.

2-4 கட்டாயம் இல்லை என்று விட்டிருக்கிறேன். மகள் பேசுவதை மாஸ்டரிலும் காட்டலாம், அப்பா முகத்தின் மேலேயே கேட்க வைக்கலாம். நேரம் போதவில்லை என்றால் எதை விடுவது என்ற கேள்விக்கு பதில் பட்டியலிலேயே இருக்க வேண்டும். மதியம் இரண்டரை மணிக்கு, பத்துப் பேர் முகத்தைப் பார்க்கும்போது, அந்த முடிவு நல்ல முடிவாக வராது.

நேரக் கணக்கு

புதியவர்கள் ஷாட்களை எண்ணுவார்கள். எண்ண வேண்டியது லைட்டிங் மாறும் தடவைகளை. கேமரா ஒரு பக்கம் பார்க்கும்போது அந்தப் பக்கத்துக்கு லைட், வெளிச்சத்தைத் திருப்பும் தெர்மோகோல், மைக் எல்லாம் வைக்க நேரம் ஆகும். அதே பக்கத்தில் லென்ஸை மட்டும் மாற்றி அடுத்த ஷாட் எடுப்பது சீக்கிரம் முடியும். சின்னக் குழுவுக்கு நான் போடும் கணக்கு: புதுப் பக்கத்தின் முதல் ஷாட்டுக்கு 40 நிமிடம், அதே பக்கத்தில் அடுத்தடுத்த ஷாட்டுக்கு 15 நிமிடம்.

ஏழு மணிக்கு வந்து, டிபன் முடித்து, முதல் ஷாட் எட்டரைக்கு. ஒன்று முதல் இரண்டு வரை சாப்பாடு. ஆறு மணிக்கு பேக்கப். கையில் இருப்பது 510 நிமிடம். முதலில் மூன்று காட்சிக்குமாக 34 ஷாட், கேமரா பார்க்கும் பக்கம் 13 என்று எழுதியிருந்தீர்கள் என்று வையுங்கள். 13 தடவை 40, மீதி 21 ஷாட்டுக்கு 15: மொத்தம் 835. எவ்வளவு வேகமாக ஓடினாலும் இது ஒரு நாளில் முடியாது. கோடுகளைப் பார்த்து வெட்டி 18 ஷாட், 7 பக்கம் என்று கொண்டுவந்தால் 445. மீதி 65 நிமிடம். அந்த 65-ஐ இன்னும் நான்கு ஷாட் போட்டு நிரப்பாதீர்கள். தெருவில் காய்கறி வண்டி ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு போகும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும். அதற்கான நேரம் அது.

இப்போது இன்னொரு தாள்: எடுக்கும் வரிசை. கதை வரிசையும் எடுக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வெயில்தான் முதலில் முடிவு செய்யும். கிழக்கு பார்த்த வீட்டில் காலை வெயில் ஜன்னல் வழியே மெஷின் மேல் விழும், ஆகவே முதல் காட்சி முதலில். கேமரா மெஷின் பக்கம் இருக்கும்போதே 2-6-ஐயும், மூன்றாம் காட்சிக்கு முன் வரும் இரண்டு தையல் இன்சர்ட்டையும் (ஊசி ஓடுவது, மிதியில் கால்) எடுத்துவிடலாம். இவை கதையில் மதியம் நடப்பவை. எனவே ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி வெயிலை மட்டுப்படுத்த வேண்டும். இதெல்லாம் முடிய 11.20 ஆகும். அப்புறம் 2-1, 2-2, 2-3. கிட்டத்தட்ட ஒரு மணிக்குச் சரியாக முடியும். சாப்பாட்டுக்குப் பின் மகள் பக்கம் திரும்பி 2-5-ஐ முதலிலும் 2-4-ஐ அடுத்தும் எடுத்தால் 2.55. விட்டுவிடலாம் என்ற ஷாட் கடைசியில் இருப்பது நல்லது. திண்ணையும் கிழக்கு பார்த்ததுதான், மூன்றரைக்கெல்லாம் வீட்டு நிழல் முழுதாக விழுந்து வெளிச்சம் மென்மையாக இருக்கும். "மாலைக் காட்சி" என்று எழுதியிருப்பதற்காக ஐந்தரை வரை காத்திருக்க வேண்டாம். மூன்றரைக்குத் தொடங்கினால் ஐந்து ஷாட்டும் 5.35-க்கு முடியும். தமிழ்நாட்டில் டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறையும் ஊர்கள் உண்டு, அந்த மாதத்தில் எடுத்தால் இன்னும் அரை மணி முன்னதாகத் தொடங்குங்கள்.

சாப்பாட்டுக் காட்சியில் அப்பாவின் பக்கத்தைச் சாப்பாட்டு இடைவேளைக்கு முன் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. வயிறு நிறைந்தவர் ஒவ்வொரு டேக்குக்கும் ரசச் சோறு சாப்பிட முடியாது, சாப்பிட்டாலும் முகத்தில் தெரியும்.

வரிசை மாறினால் பொருள்களும் மாறும், இங்கேதான் பலர் சறுக்குவார்கள். பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி இன்சர்ட்டைக் காலையிலேயே எடுத்தால் வார் தைக்கப்பட்டுவிடும். ஆனால் அதற்குப் பிறகு எடுக்கும் மாஸ்டரில் அறுந்த வாரோடு பை தொங்க வேண்டும். ஆகவே ஒரே மாதிரி இரண்டு பை வாங்கி, இரண்டையும் ஒரே இடத்தில் அறுக்க வேண்டும். ஒன்று முதல் இரண்டு காட்சிக்கு. மற்றொன்று ஊசி இன்சர்ட்டில் நிஜமாகவே தைக்கப்பட்டு, மாலையில் திண்ணைக்குப் போகும். குறிப்புப் பகுதியில் "பை அ", "பை ஆ" என்று எழுதி, பைக்குள்ளேயும் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். தட்டில் சோறு எவ்வளவு, தம்ளரில் தண்ணீர் எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஷாட் முடிவிலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும்.

ஸ்டோரிபோர்டு: எல்லாவற்றையும் வரைய வேண்டாம்

18 ஷாட்டையும் வரைய வேண்டியதில்லை. "அப்பா சஜஷன், 50 எம்எம்" என்று எழுதினாலே கேமராமேனுக்குப் புரிந்துவிடும். வார்த்தையால் சொல்ல முடியாததை மட்டும் வரையுங்கள். நம் படத்தில் ஏழெட்டுக் கட்டம் போதும்: நடுவில் மெஷின் தெரியும் மாஸ்டர், கை எந்தப் பக்கத்திலிருந்து ஃபிரேமுக்குள் வருகிறது என்று காட்டும் 2-3, பார்வை மாறும் 2-5, மெஷினும் பையும் சேர்ந்த 2-6, திண்ணையில் யார் எந்தப் பக்கம் என்பது, வாரின் மேல் விரல்.

ஏ4 தாளில் 8 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டம் போடுங்கள். 16:9 அளவு அதுதான். சதுரக் கட்டத்தில் வரைந்தால் பக்கவாட்டு இடம் எவ்வளவு என்று தெரியாமல் போகும். தலைக்கு முட்டை வடிவம், மூக்குக்கு ஒரு கோடு. முகபாவம் வரைய முயல வேண்டாம். தலைக்கு மேல் எவ்வளவு இடம், உடம்பு எங்கே வெட்டுப்படுகிறது, எந்தப் பக்கம் பார்க்கிறார் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். நடிகர் நகர்ந்தால் அம்புக்குறி கட்டத்துக்கு உள்ளே, கேமரா நகர்ந்தால் கட்டத்துக்கு வெளியே. 2-5-க்கு இரண்டு கட்டம் போடுங்கள்: ஒன்றில் மூக்கு வலப்பக்கம், அடுத்ததில் இடப்பக்கம். ஒரே ஷாட் என்று காட்ட 2-5அ, 2-5ஆ என்று எண்ணிடுங்கள்.

வரையவே வராது என்றால் லொக்கேஷனில் இரண்டு நண்பர்களை உட்கார வைத்துப் போனில் படம் எடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: போனின் மெயின் லென்ஸ் நம் கேமராவின் 24 எம்எம்-ஐவிட அகலமாகப் பார்க்கும். போனில் அழகாக வந்த ஃபிரேம் ஷூட்டிங் அன்று வராமல் போவது இதனால்தான். ஏபிஎஸ்-சி கேமராவின் 24 எம்எம்-க்கு போனில் சுமார் 1.5 மடங்கு ஜூம், 50 எம்எம்-க்கு சுமார் 3 மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

கட்டங்களைக் கதை வரிசையில் சுவரில் ஒட்டி, கொஞ்சம் தள்ளி நின்று ஸ்கிரிப்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டே பாருங்கள். அல்லது போனில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே வசனத்தைப் பேசிப் பாருங்கள். கை நின்றதும் அடுத்து அப்பா முகம் வேண்டுமா, மகள் முகமா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு கட்டத்தை மறைத்துவிட்டுப் படித்தாலும் கதை புரிந்தால் அந்த ஷாட்டின் பக்கத்திலிருக்கும் "கட்டாயம்" என்பதை அடித்துவிடலாம்.

அன்றைக்கு

ஷாட் லிஸ்டை எடுக்கும் வரிசையில் மூன்று பிரிண்ட் எடுங்கள்: கேமராமேனுக்கு ஒன்று, உதவி இயக்குநருக்கு ஒன்று, சுவரில் ஒன்று. முடிந்த ஷாட்டைப் பட்டியலில் அடிப்பது உதவி இயக்குநர் மட்டும். நீங்கள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நேரம் பார்ப்பது அவர் வேலை. பட்டியலின் ஓரத்தில் மூன்று நேரத்தைச் சிவப்பில் எழுதித் தாருங்கள்: 11.20, 12.55, 2.55. எந்த ஒன்றையாவது 20 நிமிடத்துக்கு மேல் தாண்டினால் அவர் உங்களிடம் வந்து அடுத்த கட்டாயமில்லாத ஷாட்டைக் காட்ட வேண்டும், நீங்கள் அப்போதே அதை அடிக்க வேண்டும்.

நேரம் பெரும்பாலும் மாஸ்டரில்தான் போகும். முதல் லைட்டிங், எல்லாரும் புதிது, ஒவ்வொரு வசனமும் சரியாக வர வேண்டும் என்று எட்டு டேக் போய்விடும். மாஸ்டரின் நடுப்பகுதியை எடிட்டிங்கில் 2-2, 2-5 ஆகியவற்றால் மூடப் போகிறீர்கள். தொடக்கமும், அப்பா எழுந்து போவதும் நன்றாக வந்திருந்தால் மூன்றாவது டேக்கில் நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்துக்குப் போங்கள். தொழில்முறை நடிகர் இல்லாதவருக்கு "தனியா இருக்கேன்னு யாரு சொன்னா?" என்பது முதல் சில டேக்கில்தான் உண்மையாக வரும். பதினைந்தாவது தடவை சொல்லும்போது அது வெறும் வசனமாகிவிடும்.

முந்தைய வாரமே அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறிவித்திருந்தால் தேதியை மாற்றுவது நல்லது. சிங்க் சவுண்ட் என்பதால் ஃபேனும் ஃபிரிட்ஜும் நிற்க வேண்டும். ஆகவே மேலே நிற்கும் ஃபேன் ஃபிரேமில் வராதபடி மாஸ்டரின் மேல்விளிம்பை ஸ்டோரிபோர்டிலேயே குறித்திருங்கள், மே மாத மதியத்தில் ஓடாத ஃபேனைப் பார்ப்பவர்கள் கவனிப்பார்கள். ஃபிரிட்ஜை அணைத்ததும் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வீட்டுக்காரர்களின் பால் கெடுவதற்கு முன் அதை மறுபடி போட நினைவு வரும்.